பிஸ்கட்டா, மிக்சரா: போட்டோவில் இருக்கும் எண்களை எப்படி ஒப்பிடுவது?

கேள்வி:

நான் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ஊர்ல இருக்கேன். என் மகனுக்கு எட்டு வயசு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தின்ன ஏதாவது கேக்கான். கடையில ரெண்டு பாக்கெட்டோட பின்பக்கத்தையும் போன்ல போட்டோ எடுத்துட்டு வந்து வீட்ல வச்சுப் பார்த்தேன். ஒண்ணு கருப்பட்டி ராகி பிஸ்கட், இன்னொண்ணு மிக்சர். பிஸ்கட்ல டோட்டல் சுகர்ஸ் 6.5, ஆடட் சுகர்ஸ் 6.2, சோடியம் 85. மிக்சர்ல டோட்டல் சுகர்ஸ் 3, ஆடட் சுகர்ஸ் 15, சோடியம் 820. ரெண்டு சுகரையும் கூட்டினா பிஸ்கட்ல 12.7, மிக்சர்ல 18 வருது. உப்பும் பத்துல ஒரு பங்குதான். அதனால பிஸ்கட்தான் நல்லதுன்னு முடிவு பண்ணி வாங்குதேன். பையன் ஒரு தடவைக்கு ஆறு பிஸ்கட் தின்பான். என் மாமனாருக்கு பிரஷர் இருக்கு, மாத்திரை சாப்பிடுதாங்க. அவங்க சாயங்காலம் டீயோட மிக்சர் பாதி பாக்கெட் காலி பண்ணிருவாங்க. நான் கணக்குப் பார்த்தது சரியா? போட்டோவை இதோட அனுப்பியிருக்கேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போட்டோக்களையும் சேர்த்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. நீங்கள் எழுதிய எண்களை மட்டும் வைத்துப் பதில் சொல்லியிருந்தால் நானும் தப்பான பதிலைத்தான் சொல்லியிருப்பேன். உங்கள் முடிவில் மூன்று இடத்தில் கணக்கு வழுக்கியிருக்கிறது. மூன்றையும் சரி செய்து பார்த்தால் சர்க்கரை விஷயத்தில் உங்கள் தீர்ப்பு அப்படியே தலைகீழாகிறது. உப்பில் மிக்சர்தான் கூட, அது உண்மை. ஆனால் பத்து மடங்கெல்லாம் இல்லை.

முதலில் அந்தக் கூட்டல். டோட்டல் சுகர்ஸ் என்றால் அந்தத் தின்பண்டத்தில் இருக்கிற எல்லாச் சர்க்கரையும். மாவில், பருப்பில், பாலில் இயற்கையாக இருப்பதும் அதற்குள் வரும், கம்பெனி சேர்த்ததும் வரும். ஆடட் சுகர்ஸ் என்றால் அதில் கம்பெனி சேர்த்த பங்கு மட்டும். அதாவது இரண்டாவது எண் முதல் எண்ணுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. கூட்டினால் சேர்த்த சர்க்கரையை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். அட்டவணையில் இரண்டும் தனித்தனி வரியாக ஒன்றின் கீழ் ஒன்றாக இருப்பதால் பலரும் இப்படிக் கூட்டிவிடுகிறார்கள். பிஸ்கட்டில் மொத்தம் 6.5 கிராம், அதில் 6.2 கிராம் சேர்த்தது. அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொண்டால் அடுத்த கோளாறு தானாகவே கண்ணில் படும். மொத்தமே 3 கிராம் சர்க்கரை உள்ள மிக்சரில் சேர்த்த சர்க்கரை எப்படி 15 கிராம் இருக்க முடியும்? முடியாது. அப்படி ஓர் எண் வந்தால் ஒன்று அச்சுப் பிழை, இல்லையென்றால் போட்டோவில் ஏதோ விழுந்துவிட்டது. உங்கள் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த வரியில் பாக்கெட்டின் மடிப்பு ஒன்று குறுக்கே ஓடுகிறது, அதன் மேல் கடையின் டியூப்லைட் வெளிச்சம் அடித்திருக்கிறது. 1-க்கும் 5-க்கும் நடுவில் இடைவெளி மட்டும் கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது, புள்ளி தெரியவில்லை. அது 15 இல்லை, 1.5.

ஊகத்தில் சொல்லவில்லை. அதே போட்டோவிலேயே சாட்சி இருக்கிறது. வலது ஓரத்தில் ஆர்.டி.ஏ. சதவீதம் என்று ஒரு பத்தி இருக்கிறது பாருங்கள். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளுக்கென்று வைத்திருக்கிற அளவில், இந்தப் பாக்கெட்டின் ஒரு சர்விங், அதாவது ஒரு தடவைக்குத் தின்ன என்று கம்பெனி வைத்திருக்கிற அளவு, எத்தனை சதவீதம் என்பதைச் சொல்லும் பத்தி அது. நம் நாட்டு லேபிள் விதிப்படி இந்தக் கணக்குக்குச் சேர்த்த சர்க்கரை நாளுக்கு 50 கிராம், சோடியம் நாளுக்கு 2000 மில்லிகிராம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் மிக்சரில் ஒரு சர்விங் 30 கிராம். 100 கிராமில் 15 கிராம் என்றால் 30 கிராமில் 4.5 கிராம் வரும், அது 50-இல் 9 சதவீதம். 1.5 என்றால் 0.45 கிராம், கிட்டத்தட்ட 1 சதவீதம். போட்டோவில் அந்த வரிக்கு நேராக 1% என்று தெளிவாகத் தெரிகிறது. புள்ளி தெரியாவிட்டாலும் சதவீதம் காட்டிக்கொடுத்துவிட்டது.

எந்தப் பத்தியைப் பார்த்தீர்கள்?

இதுதான் மூன்றாவது சங்கதி, இருப்பதிலேயே பெரியதும் இதுதான். பிஸ்கட்டுக்கு நீங்கள் எழுதிய எண்கள் எல்லாம் ஒரு சர்விங்குக்கானவை, அதாவது 25 கிராமுக்கு. மிக்சருக்கு எழுதியவை 100 கிராமுக்கானவை. பிஸ்கட் அட்டவணையில் இரண்டு பத்தி இருந்திருக்கும். பாக்கெட் உருளையாக வளைந்திருப்பதால் போட்டோவில் இடது பக்கப் பத்தி பாதி மறைந்துவிட்டது. மேலே இருக்கிற தலைப்பு வரியும் ஒட்டின மடிப்புக்குள் போய்விட்டது. தெளிவாகத் தெரிந்த பத்தியை நீங்கள் எடுத்திருக்கிறீர்கள், அதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் 25 கிராம் பிஸ்கட்டையும் 100 கிராம் மிக்சரையும் தராசின் இரண்டு தட்டில் வைத்தது போல ஆகிவிட்டது.

பிஸ்கட்டையும் 100 கிராமுக்குக் கொண்டுவருவோம். 25 கிராம் என்பது நூறில் கால் பங்கு, அதனால் எல்லா எண்ணையும் நான்கால் பெருக்கினால் போதும். மொத்தச் சர்க்கரை 6.5 என்பது 26 கிராமாகிறது. சேர்த்த சர்க்கரை 6.2 என்பது 24.8. சோடியம் 85 என்பது 340 மில்லிகிராம். இப்போது பக்கத்தில் மிக்சரை வையுங்கள்: மொத்தச் சர்க்கரை 3, சேர்த்தது 1.5, சோடியம் 820.

நீங்கள் 12.7-க்கும் 18-க்கும் என்று பார்த்த சர்க்கரை, உண்மையில் 26-க்கும் 3-க்கும். பிஸ்கட்டின் எடையில் கால் பங்குக்கு மேல் சர்க்கரை. உப்பில் 85-க்கும் 820-க்கும் என்று பார்த்தது 340-க்கும் 820-க்கும். பத்து மடங்கு இல்லை, இரண்டரை மடங்குக்கும் கொஞ்சம் குறைவு.

சர்விங் அளவு 25 கிராமாகவும் 30 கிராமாகவும் இருப்பதற்குப் பின்னால் பெரிய காரணம் தேட வேண்டாம். அதை ஒவ்வொரு கம்பெனியும் தன் பொருளுக்கு ஏற்றாற்போல வைத்துக்கொள்கிறது. சிறிய சர்விங் என்றால் அந்தப் பத்தியில் எல்லா எண்ணும் சிறியதாகத் தெரியும். அதனால்தான் இரண்டு பாக்கெட்டை ஒப்பிடும்போது 100 கிராம் பத்தியை மட்டும் பாருங்கள் என்கிறேன். அது கிடைக்கவில்லை என்றால் சர்விங் எத்தனை கிராம் என்று தேடி, பத்தியில் இருக்கிற எண்ணை அந்தக் கிராமால் வகுத்து நூறால் பெருக்குங்கள். போனில் கால்குலேட்டர் இருக்கிறது, அரை நிமிட வேலை.

ஆர்.டி.ஏ. சதவீதம் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிஸ்கட்டில் சேர்த்த சர்க்கரைக்கு நேராக 12% என்று இருக்கிறது. 6.2 கிராம் 50-இல் கிட்டத்தட்ட 12 சதவீதம், அதை வைத்துத்தான் நீங்கள் எழுதியது சர்விங் பத்தி என்றேன். அந்த 12%-க்கு பிஸ்கட்டில் 12 சதவீதம் சர்க்கரை என்று அர்த்தமில்லை, முழுப் பாக்கெட்டுக்கான கணக்கும் இல்லை. ஒரு சர்விங், அதாவது மூன்று பிஸ்கட் தின்றால் ஒரு பெரியவருக்கு நாளுக்கு வைத்திருக்கிற 50 கிராமில் 12 சதவீதம் போய்விட்டது என்று அர்த்தம். அந்தப் பெரியவருக்கு 2000 கிலோகலோரி சாப்பாடு என்று கணக்கு. உங்கள் மகனுக்கு எட்டு வயது, அவனுக்கு இந்தப் பத்தி பொருந்தாது.

போட்டோ எடுக்கும்போது

கடையில் நின்று எடுக்கும்போது பாக்கெட் காற்றடைத்து உப்பியிருக்கும், உள்பக்கம் வெள்ளித்தாள் என்பதால் பளபளவென்று வேறு அடிக்கும். ஃபிளாஷ் போடாதீர்கள். அட்டவணை இருக்கிற பக்கத்தைக் கட்டை விரலால் அழுத்தித் தட்டையாக்கி, கடை வாசல் வெளிச்சம் பக்கவாட்டில் படுகிற மாதிரி திரும்பி நின்று, போனை பாக்கெட்டுக்கு நேராகப் பிடித்து எடுங்கள். ஒரு போட்டோ போதாது. அட்டவணை முழுவதும், மேலே தலைப்பு வரியும் கீழே இருக்கிற பொடி எழுத்துக் குறிப்பும் சேர்ந்து, ஒன்று. சேர்மானப் பட்டியல் ஒன்று. நிகர எடையும் எத்தனை சர்விங் என்பதும் இருக்கிற இடம் ஒன்று. உருளைப் பாக்கெட் என்றால் அட்டவணையையே இடமும் வலமுமாக இரண்டு தடவை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஏற்கெனவே தின்று முடித்த பாக்கெட் இருந்தால் இன்னும் சுலபம், கத்தரியால் வெட்டி விரித்து மேசையில் வைத்து எடுக்கலாம்.

எடுத்த போட்டோவை நம்பலாமா என்று பார்க்க எளிய சோதனை இருக்கிறது. சேர்த்த சர்க்கரை மொத்தச் சர்க்கரையைத் தாண்டக் கூடாது. மொத்தச் சர்க்கரை மாவுச்சத்தைத் தாண்டக் கூடாது, ஏனென்றால் சர்க்கரை அதற்குள்தான் அடக்கம். எங்காவது தாண்டினால் புள்ளி தொலைந்திருக்கிறது. இன்னும் உறுதியாகப் பார்க்க வேண்டும் என்றால் கலோரியைக் கணக்குப் பாருங்கள்: புரதத்தையும் மாவுச்சத்தையும் தலா நான்காலும், கொழுப்பை ஒன்பதாலும் பெருக்கிக் கூட்டினால் ஏறக்குறைய அட்டவணையில் இருக்கிற கலோரி வர வேண்டும். உங்கள் மிக்சரில் புரதம் 13, மாவுச்சத்து 46, கொழுப்பு 34. அதாவது 52, 184, 306, கூட்டினால் 542. அட்டவணையிலும் 542 இருக்கிறது, ஆகவே கொழுப்பு 34 என்று நாம் படித்தது சரி, அது 3.4 இல்லை. நார்ச்சத்தைத் தனியாகக் கணக்கிடும் பொருட்களில் கொஞ்சம் முன்னே பின்னே வரும், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நூற்றுக்கணக்கில் விலகினால்தான் ஏதோ தப்பு.

சோடியத்தில் அலகையும் பாருங்கள். அது வழக்கமாக மில்லிகிராமில் இருக்கும், சில பாக்கெட்டில் கிராமில் 0.82 என்று போட்டிருப்பார்கள். இரண்டும் ஒன்றுதான். எண் சின்னதாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. சோடியத்தை உப்பாக மாற்ற இரண்டரையால் பெருக்க வேண்டும். மிக்சரின் 820 மில்லிகிராம் சோடியம் என்றால் 100 கிராமில் சுமார் 2 கிராம் உப்பு. பிஸ்கட்டின் 340 என்றால் 0.85 கிராம் உப்புக்குச் சமம்.

இனிக்கிற பிஸ்கட்டில் எங்கிருந்து சோடியம் வந்தது என்று கேட்பீர்கள். கொஞ்சம் உப்பு போடுவார்கள், அதோடு மாவு பொங்குவதற்குச் சோடா உப்பு போடுவார்கள். சேர்மானப் பட்டியலில் ஐ.என்.எஸ். 500 என்று இருக்கிறதே, அது அந்தச் சோடா உப்புதான். அதிலும் சோடியம் உண்டு. நாக்கில் கரிக்காது, ஆனால் கணக்கில் வரும். இப்படித்தான் பன், கேக், ரஸ்க் எல்லாவற்றிலும் நாம் எதிர்பார்க்காத அளவுக்குச் சோடியம் இருக்கிறது.

கருப்பட்டி என்று போட்டிருக்கிறதே?

நீங்கள் கடிதத்தில் இதை நேராகக் கேட்கவில்லை, ஆனாலும் அந்தப் பெயரும் உங்கள் முடிவுக்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நம் பக்கத்தில் கருப்பட்டி என்றாலே ஒரு நம்பிக்கை, உடன்குடிக் கருப்பட்டியைக் காப்பிக்கும் சுக்குத் தண்ணிக்கும் போட்டு வளர்ந்த ஊர் இது. அந்த ருசியின் மேல் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். பிஸ்கட்டில் கருப்பட்டி போட்டாலும் வெல்லம் போட்டாலும் தேன் ஊற்றினாலும் உடம்புக்கு அது சேர்த்த சர்க்கரைதான்.

அதைவிட முக்கியம், இந்த பிஸ்கட்டில் கருப்பட்டி எவ்வளவு இருக்கிறது என்பது. சேர்மானப் பட்டியலில் எடையில் அதிகமானது முதலில் வரும், குறைந்தது கடைசியில் வரும். பெயரிலேயே ஒரு பொருளை முன்னிறுத்தினால் அது எத்தனை சதவீதம் என்றும் போட வேண்டும். உங்கள் இரண்டாவது போட்டோவில் அது அழகாக விழுந்திருக்கிறது: முதலில் மைதா, பிறகு சர்க்கரை, பாமாயில், அதன் பிறகு ராகி மாவு 12%, கருப்பட்டி 4%. ஒரு சர்விங் 25 கிராமில் ராகி 3 கிராம், கருப்பட்டி 1 கிராம். சேர்த்த சர்க்கரை 6.2 கிராமில் அந்த 1 கிராமைக் கழித்தாலும், மிச்சம் ஐந்து கிராமுக்கு மேல் சாதாரண வெள்ளைச் சர்க்கரை. இது கருப்பட்டி வாசம் உள்ள மைதா பிஸ்கட், ராகி பிஸ்கட் என்று நினைத்துக் கொடுக்காதீர்கள். ராகி வேண்டும் என்றால் வீட்டில் ஒரு ராகி அடையோ புட்டோ செய்தால் ஒரு தட்டில் வருகிற ராகி, இந்த பிஸ்கட் பல பாக்கெட்டில்கூட வராது.

பையனுக்கு

100 கிராம் கணக்கு எந்தப் பொருளில் எது அதிகம் என்று காட்டும். ஆனால் யாரும் 100 கிராம் தின்பதில்லை, அதனால் அடுத்த கணக்கு உங்கள் வீட்டுத் தட்டில் விழுகிற அளவுக்கு. மூன்று பிஸ்கட் 25 கிராம் என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கிறது. பையன் தின்பது ஆறு, அதாவது இரண்டு சர்விங், 50 கிராம். சேர்த்த சர்க்கரை 12.4 கிராம், தட்டையாக எடுத்த மூன்று டீஸ்பூன். அமெரிக்க இதய சங்கம் 2016-இல் 2 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்குச் சேர்த்த சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்று சொன்னது. அந்த அளவில் பாதி, பள்ளிக்கூடம் விட்டு வந்த கால்மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. காலையில் பாலில் போட்டது, டீ குடிக்கிற பழக்கம் இருந்தால் அது, கடையில் வாங்குகிற மிட்டாய், இதெல்லாம் இதற்கு மேல்.

பிஸ்கட்டுக்குப் பதில் மிக்சரில் ஒரு சர்விங், 30 கிராம், கொடுத்தால்? சேர்த்த சர்க்கரை அரை கிராம்கூட வராது. சோடியம் 246 மில்லிகிராம். ஆறு பிஸ்கட்டில் சோடியம் 170. அதாவது அவன் உண்மையில் தின்கிற அளவை வைத்துப் பார்த்தால் உப்பில் வித்தியாசம் ஒன்றரை மடங்குக்குள் அடங்கிவிடுகிறது, சர்க்கரையிலோ 12.4-க்கும் 0.45-க்கும் என்று நிற்கிறது. கொழுப்பு இரண்டிலும் பத்து கிராமை ஒட்டி வருகிறது, அதனால் எண்ணெய்ப் பலகாரம் என்று மிக்சரை மட்டும் ஒதுக்குவதும் நியாயமில்லை. கலோரி பிஸ்கட்டில் சுமார் 236, மிக்சரில் சுமார் 163.

இதைப் பார்த்துவிட்டு மிக்சர்தான் நல்லது என்று நாளையிலிருந்து அவனுக்குக் கிண்ணம் நிறையக் கொடுத்துவிடாதீர்கள். 30 கிராம் என்றுதான் இந்தக் கணக்கு. 60 கிராம் ஆனால் சோடியம் 492. பெரியவர்களுக்கே 2000-க்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம், பிள்ளைகளுக்கு அவர்கள் சாப்பிடுகிற கலோரிக்கு ஏற்ப அதையும் குறைக்கச் சொல்கிறது. 30 கிராம் என்றால் எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிய ஒரு வழி: 150 கிராம் பாக்கெட்டைப் பிரித்ததும் ஒரே மாதிரியான ஐந்து சின்னக் கிண்ணத்தில் சமமாகப் பங்கு போடுங்கள், ஒவ்வொன்றும் ஒரு சர்விங். ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், அடுத்த முறை கை தானாக அளந்துவிடும்.

நான் இப்படிச் செய்யச் சொல்வேன். பிஸ்கட்டை முழுதாக நிறுத்த வேண்டாம், மூன்றாகக் குறையுங்கள், அதையும் தினமும் வேண்டாம். மிச்சப் பசிக்கு வாழைப்பழமோ, அவித்த பயறோ, தை மாதம் என்றால் பனங்கிழங்கோ வையுங்கள். மிக்சர் கேட்கிற நாளில் பாதிச் சர்விங் மிக்சரும் அதே அளவு உப்புப் போடாமல் வறுத்த நிலக்கடலையும் கலந்து கொடுங்கள். 30 கிராம் தின்ற மாதிரியும் இருக்கும், சோடியம் 246-இலிருந்து 123-க்கு இறங்கிவிடும். அண்ணாச்சி கடையில் கிடைக்கிற பச்சை நிலக்கடலையை வாங்கி நீங்களே வறுத்தால் நல்லது, ஏற்கெனவே வறுத்து வருவதில் உப்பு ஏற்றியிருப்பார்கள்.

ஐந்து ரூபாய்ச் சின்னப் பாக்கெட் வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். பாக்கெட்டின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேல் போகாவிட்டால் அதில் சத்து அட்டவணை போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, மொத்தமாக வருகிற பெரிய பையில் போட்டால் போதும். சரம் சரமாகத் தொங்குகிற பாக்கெட்டில் அட்டவணை காணவில்லை என்று குழம்ப வேண்டாம், கடைக்காரரிடம் அது வந்த பெரிய பையைக் காட்டச் சொல்லிப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பாக்கெட்டிலேயே அட்டவணை இல்லை என்றால் கதை வேறு, அது விதிமீறல். ஃபுட் சேஃப்டி கனெக்ட் என்ற செயலியிலோ, மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலோ அந்தப் போட்டோவையே வைத்துப் புகார் கொடுக்கலாம். அதனால் கடையின் பெயர், வாங்கிய தேதி, பாக்கெட்டில் இருக்கிற உரிம எண் மூன்றையும் போட்டோவில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடையிலேயே போட்டு நிறுத்துக் கொடுக்கிற மிக்சருக்கு அட்டவணையே கிடையாது. அதில் ஒப்பிட வழியில்லை, அளவைக் குறைப்பது ஒன்றுதான் வழி.

மாமனாருக்கு

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்த வரி இதுதான். 150 கிராமில் பாதி என்றால் 75 கிராம். சோடியம் 615 மில்லிகிராம், ஒன்றரை கிராம் உப்பு. ஒரு நாளுக்குச் சொல்லியிருக்கிற 2000-இல் 30 சதவீதத்துக்கு மேல் ஒரே டீ நேரத்தில் போய்விடுகிறது. பாக்கெட்டில் சோடியத்துக்கு நேராக 12% என்று பார்த்திருப்பார், பரவாயில்லை என்று தோன்றியிருக்கும். அது 30 கிராமுக்கு. அவர் தின்பது இரண்டரை சர்விங். இதற்கு மேல் மதியச் சோற்றுக்கு அப்பளம், ஊறுகாய், ராத்திரி இட்லிக்கு மிளகாய்ப்பொடி என்று நம் வீட்டுச் சாப்பாட்டிலும் உப்பு வந்துகொண்டே இருக்கும்.

இங்கே பையனுக்குச் சொன்ன தீர்ப்பு மாறுகிறது. பையனுக்கு முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை, மாமனாருக்கு முதலில் பார்க்க வேண்டியது சோடியம். அவருக்கு ஒரு கிண்ணம், 30 கிராமுக்கு மேல் வேண்டாம், அதுவும் பாதி மிக்சர் பாதி நிலக்கடலை என்ற அதே கலவையாக இருந்தால் 615 என்பது 123-க்கு வந்துவிடும். பாக்கெட்டை அவர் கையில் கொடுக்காமல் கிண்ணத்தில் போட்டு வையுங்கள். பெரியவரிடம் மருமகள் இதைச் சொல்வது சங்கடமாக இருந்தால் உங்கள் கணவர் மூலமாகவோ, பேரன் மூலமாகவோ சொல்லிப் பாருங்கள், பேரன் சொன்னால் தாத்தா கேட்பார். மூன்று பிஸ்கட்டில் சோடியம் 85 மட்டும்தானே, அதைக் கொடுக்கலாமா என்றால், அவருக்குச் சர்க்கரை நோய் இல்லை என்று பரிசோதனை செய்து பார்த்திருந்தால் எப்போதாவது கொடுக்கலாம். அந்த வயதில் பிரஷரோடு சர்க்கரையும் சேர்ந்து இருப்பது சகஜம், பரிசோதிக்காமல் பிஸ்கட்டுக்கு மாற்றாதீர்கள்.

உப்பைக் குறைத்தாயிற்று என்று மாத்திரையை நிறுத்தவோ பாதியாக்கவோ கூடாது. லோ சோடியம் உப்பு என்று கடையில் விற்பதையும் டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். அதில் சோடியத்தில் ஒரு பங்குக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில வகை பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் அது ஆபத்து. அடுத்த முறை பிரஷர் பார்க்கப் போகும்போது மிக்சர் பாக்கெட் போட்டோவையும் கொண்டுபோய், தினமும் 75 கிராம் தின்றுகொண்டிருந்தார், 615 மில்லிகிராம் சோடியம், இன்ன தேதியிலிருந்து குறைத்திருக்கிறோம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று அவர் முடிவெடுக்க அது உதவும்.